மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு நன்றிக் கடிதம்

ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தபின் நன்றி சொல்லி மெயில் அனுப்புவது வழக்கம்தான். அந்த மெயில் யாருக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல். நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முகவரி, வருகையை ஏற்பாடு செய்த ஹெச்ஆர் பிரிவுக்காரருடையது. ஆனால் இரைச்சலுக்கு நடுவே தொண்டை வற்றக் கத்தி, கையில் சாமானை எடுத்துக் காட்டி விளக்கியவர் மெஷின் ஆபரேட்டரோ டெக்னீஷியனோதான். அவருக்குக் கம்பெனி மெயில் முகவரியே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் ஷிப்ட் நடுவே உட்கார்ந்து மெயில் பார்க்கிற வேலை அவருடையது இல்லை.

எனவே அந்தக் கடிதம் மூன்று கை மாறிப் போகும். ஏற்பாட்டாளர் படித்துவிட்டு அந்தப் பிரிவின் சூப்பர்வைசருக்கு அனுப்புவார். சூப்பர்வைசர் அதை வாசித்துக் காட்டுவார், அல்லது அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் குத்தி வைப்பார், அல்லது அப்படியே விட்டுவிடுவார். கடைசியில் சொன்னது நடப்பதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மெயிலில் யாருக்கும் குறிப்பாக எதுவும் இல்லாமல் இருந்தாலே போதும்.

அப்படிப்பட்ட மெயில் இப்படி இருக்கும்: "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி எங்களுக்குத் தங்கள் நிறுவனத்தைச் சுற்றிக் காட்டியமைக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். இந்த வருகை எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக அமைந்தது. ஊழியர்கள் அனைவரும் மிகுந்த பொறுமையுடன் விளக்கினார்கள்." தப்பு எதுவும் இல்லை. ஆனால் இதை ஒரு பால் பண்ணைக்கும் அனுப்பலாம், வங்கிக்கும் அனுப்பலாம். "ஊழியர்கள் அனைவரும்" என்று எழுதினால் படிக்கிற யாரும் அதில் தன்னைக் காண மாட்டார்கள். ஏற்பாட்டாளர் "நன்றி, மகிழ்ச்சி" என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதை யாருக்கு அனுப்பி வைப்பது என்றே அவருக்குத் தெரியாது.

இதற்கு மாற்று என்ன என்று ஓர் உதாரணத்தை வைத்தே பார்ப்போம். பாட்டில் மூடி செய்கிற ஒரு பிளாஸ்டிக் ஆலை. அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்க்கும் இஞ்செக்‌ஷன் மோல்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. 18 மாணவர்கள் காலையில் போய் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு வருகிறார்கள். வாசலில் ஒருவர் பாதுகாப்பு விதிகளைச் சொல்லி, கண்ணாடியும் காதடைப்பானும் கொடுத்தார். மோல்டிங் பிரிவில் ஒரு டெக்னீஷியன் விளக்கினார். தரச் சோதனை மேசையில் ஒரு பெண் ஊழியர் அளவெடுத்துக் காட்டினார். ஹெச்ஆரிலிருந்து வந்தவர் ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே நடந்தார். ஆக, நான்கு பேர்.

கடிதத்துக்கான வேலை கேட்டைத் தாண்டி வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள் தொடங்கிவிடுகிறது. பேருந்து ஏறியதும் எல்லோரும் போட்டோவைப் புரட்டத் தொடங்குவார்கள். அதற்கு முன் ஒருவர் தாளில் நான்கு பேரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே அவர் செய்த ஒரு செயலைக் குறிக்க வேண்டும். "நன்றாக விளக்கினார்" என்பது செயல் ஆகாது. "பாதி மூடியைக் கையில் கொடுத்தார்" என்பது செயல். நினைவு அவ்வளவு சீக்கிரம் கலைந்துபோகும் என்று தோன்றாது. ஆனால் மறுநாள் கேட்டுப் பாருங்கள், மெஷினைப் பற்றி எல்லாம் சொல்வார்கள், அதைச் சொன்னவர் முகம் மட்டும் மறந்திருக்கும்.

பெயர் இன்னொரு தொல்லை. இரைச்சலில் காதில் விழுந்த பெயரை நம்பி எழுதக் கூடாது. சட்டையில் குத்திய அட்டையில் இருந்தால் அதைப் பார்த்து, எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது: "நன்றிக் கடிதம் எழுதப் போகிறோம், இன்று விளக்கியவர்கள் பெயரையும் பிரிவையும் சொல்ல முடியுமா? அவர்கள் எப்படி எழுதுவார்களோ அப்படியே." இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்டதே அவருக்கு ஒரு முன்னறிவிப்பு ஆகிவிடும், கடிதம் வரும்போது அதை எங்கே கொடுக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருப்பார். பெயர் கிடைக்கவே இல்லையா, இடத்தையும் நேரத்தையும் வைத்து அடையாளம் சொல்லுங்கள். "புதன்கிழமை காலை தரச் சோதனை மேசையில் இருந்தவர்" என்றால் உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும். தப்பான பெயரைவிட இது எவ்வளவோ மேல்.

இனி கடிதம். இதை இரண்டு துண்டாகப் பிரிப்பது நல்லது. மெயிலின் உடலில் ஏற்பாட்டாளருக்கு நாலைந்து வரி. கூடவே மற்ற மூவருக்கும் ஒரு பக்கக் கடிதம், தனி PDF கோப்பாக. ஏன் தனியாக என்றால், மெயிலை அச்செடுத்தால் மேலே முகவரிகள், கீழே கம்பெனியின் எச்சரிக்கை வாசகம், நடுவில் "Fw:" என்று எல்லாம் சேர்ந்து வந்து பக்கம் குப்பையாகிவிடும். ஒரு பக்கத் தாள் என்றால் சூப்பர்வைசர் அச்செடுத்து அப்படியே போர்டில் ஒட்டலாம். அதை PDF-ஆக அனுப்புவதற்கும் காரணம் உண்டு. தமிழில் தட்டிய வேர்டு கோப்பை அங்கே திறந்தால் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகவோ வேறு குறியாகவோ தெரிய வாய்ப்பிருக்கிறது, அதிலும் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டியிருந்தால் நிச்சயம் கெடும். PDF எழுத்துருவைத் தன்னோடு சேர்த்தே எடுத்துப் போகும். எழுத்தின் அளவு 14 புள்ளி இருக்கட்டும். நோட்டீஸ் போர்டை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

எந்த மொழியில் எழுதுவது? அவர் எந்த மொழியில் விளக்கினாரோ அந்த மொழியில். தமிழில் அரை மணி நேரம் பேசியவருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னால் அது அவருடைய மேலதிகாரிக்கு எழுதிய கடிதமாகிவிடும்.

உதாரணக் கடிதம் கீழே. பெயர்கள் வர வேண்டிய இடத்தில் பிரிவை மட்டும் எழுதியிருக்கிறேன்.

*வணக்கம்.*

*புதன்கிழமை காலை 10 மணிக்கு உங்கள் ஆலைக்கு வந்த 18 மாணவர்கள் சார்பில் எழுதுகிறோம்.*

*வாசலில் பாதுகாப்பு விதிகளைச் சொன்னவருக்கு: எங்களில் ஒருவர் செருப்போடு வந்துவிட்டார். நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பாமல், அளவு பார்த்து ஷூ எடுத்துக் கொடுத்தபிறகே எல்லோரையும் உள்ளே விட்டீர்கள். அவரும் முழுவதையும் பார்த்துவிட்டு வந்தார்.*

*மோல்டிங் பிரிவில் விளக்கியவருக்கு: முழு மூடி ஒன்றையும் பாதியில் நின்ற மூடி ஒன்றையும் எங்கள் கையில் கொடுத்து, எது ஏன் என்று எங்களையே கேட்டீர்கள். பிளாஸ்டிக் போதவில்லை என்று எல்லோரும் சொன்னோம். பாதி மூடியின் ஓரத்தில் கருகியிருந்த இடத்தைத் திருப்பிக் காட்டினீர்கள். காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கினாலும் இப்படி ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஷார்ட் ஷாட் என்ற சொல்லைப் பாடத்தில் படித்திருந்தோம், கையில் பிடித்தது இதுதான் முதல் முறை.*

*தரச் சோதனை மேசையில் இருந்தவருக்கு: அளவு பார்க்கும் கேஜின் ஒரு முனை மூடிக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு மூடி கொடுத்துச் சோதிக்க வைத்தீர்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டில் ஒன்று தேறவில்லை. அந்த வேறுபாட்டை விரல்தான் முதலில் கண்டுபிடித்தது.*

*மூவருக்கும் எங்கள் நன்றி.*

இதன் கீழே 18 பேரின் பெயரும் வரும். 18 பேரும் தனித்தனியாக ஒரே மாதிரி மெயில் அனுப்புவது நன்றியாகாது, தொல்லைதான். தனியாகச் சொல்ல ஒருவருக்கு வேறு ஏதாவது இருந்தால் அவர் மட்டும் தனியே எழுதலாம்.

மோல்டிங் பத்தியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் "அருமை", "சிறப்பு" எதுவும் இல்லை. அவர் செய்தது மட்டும்தான் இருக்கிறது: இரண்டு மூடியைக் கொடுத்தார், கேள்வி கேட்டார், பதில் தவறியதும் திருப்பிக் காட்டினார். படிக்கிற சூப்பர்வைசருக்குத் தன் ஆள் எப்படிக் கற்றுக் கொடுக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும். "சிறந்த ஆசிரியர் போல விளக்கினார்" என்று எழுதியிருந்தால் அது நம் தீர்ப்பு, அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம்.

இன்னொன்றும் அந்தப் பத்தியில் கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. தொழில்நுட்ப விளக்கம் மிகக் குறைவு. ஷார்ட் ஷாட் என்பது அச்சு முழுவதும் நிரம்பாமல் நின்றுபோவது. அதற்குக் காரணங்கள் பல: செலுத்தும் பிளாஸ்டிக்கின் அளவு போதாமல் இருக்கலாம், அழுத்தம் குறைவாக இருக்கலாம், பிளாஸ்டிக் போதிய சூடில்லாமல் சீக்கிரம் இறுகலாம், அச்சின் காற்றுப் போக்கிகள் அடைபட்டிருக்கலாம். கடைசியில் சொன்னதில் சிக்கிய காற்று நெருக்கப்பட்டுச் சூடேறி பிளாஸ்டிக்கையே கருக்கிவிடும், ஆகவேதான் கருகல் ஒரு துப்பு. இதையெல்லாம் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "சூடு குறைந்தால் ஷார்ட் ஷாட் வந்து ஓரம் கருகும் என்று விளக்கினீர்கள்" என்று கடிதத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? தப்பாகப் புரிந்துகொண்டது நாம். ஆனால் அதைப் படிக்கிற பொறியாளருக்கு, தன் டெக்னீஷியன் தப்பாகச் சொல்லிக் கொடுத்ததாகத் தோன்றும். நன்றி சொல்லப் போய் ஆளை மாட்டிவிட்டதாகிவிடும். பார்த்ததையும் தொட்டதையும் எழுதினால் தப்பு வர இடமில்லை. கேட்டதை எழுத வேண்டுமென்றால் பாடப் புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாட்டிவிடுவது என்று சொன்னதும், அதைப் பற்றியே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வகைக் கடிதங்களில் நல்ல மனதோடு செய்யப்படுகிற பெரிய தவறு இதுதான்.

சுற்றிக் காட்டுகிறவர் நம்மீது பிரியப்பட்டு விதியைச் சற்றே வளைத்திருப்பார். நம் மனதில் ஆழமாகப் பதிந்ததும் அதுவாகத்தான் இருக்கும். "போட்டோ எடுக்கக் கூடாது என்றிருந்தும் எங்களுக்காக ஒன்று எடுக்க விட்டீர்கள்." "சாப்பாட்டு இடைவேளையைக்கூட விட்டுவிட்டு எங்களோடு இருந்தீர்கள்." "கம்பெனியில் உள்ள குறைகளையும் ஒளிக்காமல் பேசினீர்கள்." "இந்த மூடி எந்த கம்பெனிக்குப் போகிறது என்றுகூடச் சொன்னீர்கள்." "மெஷினுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்க்க விட்டீர்கள்." இந்த ஐந்தும் மனமாரச் சொன்ன நன்றிதான். ஐந்தும் அவர் மேல் கொடுத்த புகாரும்தான். கடைசியில் உள்ளது மிக மோசம். அச்சு மூடும் விசை எத்தனையோ டன் கணக்கில் வரும், ஆகவே அந்த மெஷினின் முன்கதவைத் திறந்தால் ஓட்டம் தானாக நிற்கும்படிதான் கட்டியிருப்பார்கள். பார்வையாளர் கையை உள்ளே விட்டார் என்று எழுத்தில் வந்துவிட்டால், பாதுகாப்பு அதிகாரி அதை விசாரிக்காமல் விட முடியாது, விடவும் கூடாது.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதி முடித்ததும் அவருடைய மேலதிகாரியாக உங்களை நினைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள். எந்த வரியிலாவது "இதை யார் அனுமதித்தது?" என்று கேட்கத் தோன்றினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். சில சமயம் எடுக்கவும் வேண்டாம், வேறு விதமாக மாற்றிச் சொன்னால் போதும். அவர் கதவைத் திறந்ததும் மெஷின் நின்றது என்பது பாதுகாப்பு ஏற்பாட்டைக் காட்டிய செயல், "கதவைத் திறந்து, ஓட்டம் தானாக நிற்பதைக் காட்டினீர்கள்" என்று தாராளமாக எழுதலாம். வளைத்த விதிக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்றால் எப்போதாவது நேரில் பார்க்கும்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

போட்டோவும் இதே கதைதான். அனுமதியோடு எடுத்ததாகவே இருக்கட்டும். குழுவாக நின்ற படத்தின் பின்னால் அன்றைய உற்பத்தி எண்களும் வாடிக்கையாளர் பெயரும் எழுதிய வெள்ளைப் பலகை இருக்கும், மேசையில் யாரோ விரித்துவைத்த வரைபடம் இருக்கும். அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி, மூலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சமூக ஊடகத்தில் போடுவதாக இருந்தால் ஏற்பாட்டாளரிடம் படத்தைக் காட்டிக் கேட்டபிறகுதான்.

அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மெயிலில் இணைக்கும் கோப்பு வழியில் எழுத்துக் குறிகளாக மாற்றப்பட்டுத்தான் போகும், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகும். 4 எம்பி படம் ஆறு இணைத்தால் 24 எம்பி, "மெயிலின் வரம்பான 25 எம்பிக்குள்தானே" என்று தோன்றும். போகும்போது அது 32 எம்பி. கம்பெனி சர்வர்களில் வரம்பு இன்னும் குறைவாக இருப்பதும் உண்டு. சில இடங்களில் மெயில் திரும்பி வந்து உங்களுக்குச் சொல்லும். சில இடங்களில் உள்ளேயே தடுத்து நிறுத்தப்பட்டு யாருக்கும் தெரியாமல் கிடக்கும். டிரைவ் இணைப்பாக அனுப்பினால் அலுவலக வலையில் திறக்காமலும் போகலாம். முதல் மெயிலில் ஒரு பக்க PDF மட்டும் போதும். படம் வேண்டுமா என்று அதில் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

அந்த மெயிலின் உடலுக்கு வருவோம். ஏற்பாட்டாளரை வெறும் தபால்காரராக நடத்துவது எளிதில் நேர்ந்துவிடும். அன்று நாம் உள்ளே போனதற்கு முன்னால் அவர் அனுமதி வாங்கியிருப்பார், மூன்று பிரிவுகளிடம் நேரம் கேட்டிருப்பார், 18 பேரின் பட்டியலை வாசலில் கொடுத்திருப்பார். அவருக்கான வரிகள் இப்படிப் போகலாம்:

*பொருள்: புதன்கிழமை ஆலை வருகை – மோல்டிங், தரச் சோதனை, பாதுகாப்புப் பிரிவினருக்கு ஒரு கடிதம்*

*வணக்கம் மேடம். 18 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு மெஷின் பக்கம் நிற்கும்போது மற்றது சோதனை மேசைக்குப் போகும்படி வைத்திருந்தீர்கள். அதனால்தான் பின்வரிசையில் நின்றவருக்கும் எல்லாம் காதில் விழுந்தது. மிக்க நன்றி. மூன்று பிரிவினருக்கும் ஒரு பக்கக் கடிதம் இணைத்திருக்கிறோம். அவர்களுடைய சூப்பர்வைசர்கள் மூலம் அவர்களுக்குப் போய்ச் சேர உதவ முடியுமா? குழுப்படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறோம்.*

பொருள் வரியில் பிரிவுகளின் பெயர் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அவர் அதைத் திறந்து படிக்காமலேயே யாருக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். To-வில் அவர் முகவரி மட்டும் இருக்கட்டும். உங்கள் குழுவினருக்கும் நகல் போக வேண்டுமென்றால் Bcc-யில் போடுங்கள். Cc-யில் போட்டால் 18 மாணவர்களின் முகவரியும் அந்தக் கம்பெனிக்குள் சுற்றும், அவர் "எல்லோருக்கும் பதில்" அழுத்தினால் 18 பெட்டியிலும் மணி அடிக்கும்.

வேலைக்கான விண்ணப்பத்தையோ பயிற்சி இடம் கேட்பதையோ இதில் நுழைக்க வேண்டாம். கேட்பது தப்பில்லை. ஆனால் "கூடவே என் பயோடேட்டாவையும் இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி வந்ததும், மேலே சொன்ன நன்றி எல்லாம் அதற்குப் போட்ட பீடிகை ஆகிவிடும், கடிதத்தை நோட்டீஸ் போர்டில் போடவும் முடியாது. பத்து நாள் கழித்து, தனி மெயிலில், முறையான வழியில் கேளுங்கள்.

எப்போது அனுப்புவது என்றால், மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள். அன்றிரவே அனுப்பினால் பெயரும் விளக்கமும் சரிபார்க்க நேரம் இருக்காது. ஒரு வாரம் தள்ளினால் அடுத்த குழு வந்து போயிருக்கும், பாதி மூடியைக் காட்டியது எந்தக் குழுவுக்கு என்று அவருக்கே குழம்பிவிடும். அனுப்பிய மறுநாள் உங்கள் பெட்டியிலும் ஸ்பேமிலும் மெயில் திரும்பி வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பதில் வராவிட்டால் துரத்த வேண்டாம். நன்றிக்குப் பதில் எழுத வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

இவ்வளவு கவனித்தும் பெயரில் ஓர் எழுத்து தப்பிவிடும், அல்லது இரண்டு பேருக்கான பத்திகளை மாற்றிப் போட்டிருப்பீர்கள். தெரிந்தவுடனே திருத்திய PDF-ஐ அதே மெயிலின் தொடர்ச்சியாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் "திருத்தியது" என்று இருக்கட்டும். நீண்ட மன்னிப்பு வேண்டாம், மூன்று வரி போதும்: "தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர் பெயரைத் தவறாக எழுதிவிட்டோம். சரியான கடிதம் இத்துடன் இருக்கிறது. பழையது போர்டில் ஒட்டப்பட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு இதை ஒட்டச் சொல்ல முடியுமா?"